மண்டபத்தில் ஓடிய 90 செகண்ட்

கல்யாணத்துக்கு வர முடியாத ஃப்ரெண்டு வெளிநாட்டுல இருந்து ஒரு வாழ்த்து வீடியோ அனுப்புவான் பாருங்க, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. மருத்துவப் பதிவு இல்லை. ஆனா நடுவுல ஒரு வார்டு வரும்.

ஹாஸ்டல்ல நாங்க மூணு பேர் ஒரே ரூம். ஒருத்தன் இப்போ இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறான். இன்னொருத்தனுக்குப் போன ஆவணியில கல்யாணம். அங்கே லீவு வேணும்னா 6 வாரம் முன்னாடியே சொல்லணும். இங்கே நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவுல இருந்ததே 30 நாள்தான். ரிசப்ஷன் ராத்திரி ஏழரைக்கு, அப்போ அங்கே மத்தியானம் 3 மணி. அவன் வார்டுல நிப்பான், அதனால லைவ் காலும் முடியாது.

2 வருஷம் முன்னாடி மாப்பிள்ளையோட அப்பா தவறினப்பவும் அவனால வர முடியல. அந்த வருத்தம் ரெண்டு பேருக்கும் நடுவுல பேசாமலே கிடந்துச்சு. வீடியோ எடுத்து முதல்ல எனக்குத்தான் அனுப்பினான், "பார்த்துச் சொல்லுடா"ன்னு.

7 நிமிஷம் ஓடுது. நாலு கதை. செகண்ட் இயர் அரியர், ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிச்சது, ஒரு பழைய காதல், கடைசியா ஒரு நைட் டூட்டி. போனை நெட்டுக்குத்தா பிடிச்சு, காரிடார்ல நின்னு பேசியிருக்கான்.

மண்டபத்துல யார் யார் உட்கார்ந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அரியர் கதை நமக்குச் சிரிப்பு. பொண்ணோட பெரியப்பாவுக்கு அது "மாப்பிள்ளை ஃபெயிலாமே". காதல் கதையைச் சொல்லவே வேணாம். நைட் டூட்டி மட்டும் இருக்கட்டும்னேன். அதுலயும் நோயாளியோட பேரு, ஊரு, வியாதி எதுவும் வரக் கூடாது. அரங்கம் சிரிக்கிறதுக்காக அதை வெளியே சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இன்னொண்ணு, மண்டபத்துல முதல் 10 செகண்ட் யாருக்கும் காதுல விழாது. பந்திக்கு எழுந்திருக்கிற சத்தம், குழந்தைங்க சத்தம், எதிரொலி வேற. அதனால முதல்ல "நான் யாரு, எங்கிருந்து பேசுறேன்"னு மட்டும் நிதானமா சொல்லணும். கதை அதுக்கப்புறம். எல்இடி திரை அகலமானது, போனைப் படுக்கவச்சுத்தான் எடுக்கணும்.

ரெண்டாவது தடவை ஒன்றரை நிமிஷத்துல முடிச்சான். கதை இதுதான்:

"ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ இவன் தொடர்ந்து ரெண்டு நாள் டூட்டி. விடியக்காலையில ஒரு பாட்டி பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடிச்சு நாடி எண்ணிட்டு இருந்தான். எண்ணிக்கிட்டே கட்டில்ல தலை சாய்ச்சுத் தூங்கிட்டான். ஊசி போட வந்த சிஸ்டரைப் பாட்டி 'உஷ்... புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு'ன்னு தடுத்துடுச்சு. தன் போர்வையையே எடுத்து இவனுக்குப் போர்த்தி விட்டுடுச்சு. ரவுண்ட்ஸ் வந்த சீஃப் கேட்டார், 'இதுல பேஷன்ட் யாரும்மா?'"

அடுத்து அவன் சொன்னது:

"மச்சான், அப்பா போனப்போ நான் உன் பக்கத்துல இல்ல. இன்னைக்கும் இல்ல. தங்கச்சி, இவன் தூக்கம் வந்தாலும் சொல்ல மாட்டான், அழுகை வந்தாலும் சொல்ல மாட்டான். நீங்க கேட்டுக் கேட்டுத்தான் வாங்கணும். டேய், அவங்க சோர்ந்து வர்ற அன்னைக்குப் போர்வை உன் கையில இருக்கணும். ரெண்டு பேரும் நல்லா இருங்க."

வாட்ஸ்அப்ல சாதாரண வீடியோவா அனுப்பினா தரம் குறைஞ்சு பெரிய திரையில மங்கலாத் தெரியும். அதனால டாக்குமென்டா அனுப்பச் சொன்னேன். சாயங்காலம் 5 மணிக்கே பென்டிரைவோட மண்டபத்துக்குப் போய் ஆபரேட்டர் லேப்டாப்ல போட்டுப் பார்த்தா, சத்தம் வருது, படம் வரல, கறுப்புத் திரை. ஐபோன்ல எடுத்த வீடியோ சில பழைய லேப்டாப்ல இப்படித்தான் ஆகும். போன் செட்டிங்ஸ்ல கேமராவுக்குள்ள Formats போய் Most Compatible வச்சு எடுத்தா இந்தத் தொல்லை வராது. அன்னைக்கு ஆபரேட்டர் தம்பியே 5 நிமிஷத்துல எம்பி4-ஆ மாத்திக் கொடுத்தார். ஏழரைக்குத்தான் போட்டுப் பார்த்திருந்தா வெறும் குரல்தான் ஓடியிருக்கும்.

மேடைக்குப் போட்டோ வரிசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போட்டோம். வரிசை ஆரம்பிச்சா எல்லாரும் மொய்க் கவரைத் தேடிட்டு இருப்பாங்க, திரையை யாரும் பார்க்க மாட்டாங்க. சீஃப் கேட்ட கேள்விக்கு மொத்த மண்டபமும் சிரிச்சுது. அப்பான்னு அவன் ஆரம்பிச்சதும் மாப்பிள்ளை மாலையைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டான். பொண்ணு பேசாம தன் கர்ச்சீப்பை அவன் கையில வச்சாங்க.

பந்தியில அவங்க அம்மா என் இலைப் பக்கம் வந்து கேட்டாங்க: "அந்தத் தம்பி எப்பப்பா ஊருக்கு வருது?"

பொங்கலுக்கு வர்றான். லீவு இப்பவே சொல்லிட்டானாம்.