ஒரே தாளில் இரண்டு பக்கம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கிற ஜெராக்ஸ் கடைகளில் ஜூன் மாதம் வந்தால் வருமானச் சான்று கூட்டம்தான். வருகிறவர்கள் ஆதார் அட்டையைக் கையில் கொண்டு வருவதில்லை, போனில் படமாகக் கொண்டு வருகிறார்கள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். விண்ணப்பத்தில் ஆதாருக்கு என்று இருப்பதோ ஒரே ஒரு இடம்.

*

முன்பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, புகைப்படம். முகவரி பின்பக்கத்தில். முன்பக்கத்தை மட்டும் ஏற்றினால், விண்ணப்பித்தவர் எந்த ஊர்க்காரர் என்று கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க அதில் ஒன்றுமே இருக்காது. பின்பக்கம் இரண்டாம் பக்கமாகப் போனாலும், வேலை நெருக்கடியில் முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறவர்கள் உண்டு. ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

*

சாலவாக்கத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்த ஓர் அம்மா. மகளுக்கு உதவித்தொகைக்காக வருமானச் சான்று.

"போட்டோ எடுத்துட்டேன் தம்பி, ஆனா நம்பர் மேல வெள்ளையா அடிக்குதே."

லேமினேஷன் மேல் ட்யூப்லைட் பட்டிருந்தது. வாசல் பக்கம், வெயில் நேரே படாத வெளிச்சத்தில், ஃபிளாஷை அணைத்துவிட்டு, அட்டைக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுத்ததும் சரியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மட்டும் Document ஆக அனுப்பச் சொன்னேன். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், முகவரியின் சின்ன எழுத்து கலங்கிப் போகும்.

*

வேலையை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் செய்கிறேன். படத்தில் மேசையும் விரலும் லேமினேஷன் ஓரமும் போகும்படி முதலில் போனிலேயே வெட்டிவிட வேண்டும். பிறகு A4 தாளில் Insert > Image. ஏடிஎம் கார்டு, பிவிசி ஆதார் எல்லாம் ஒரே அளவு: அகலம் 8.56 செ.மீ., உயரம் 5.4 செ.மீ. Properties-இல் Keep ratio-வை டிக் செய்துவிட்டு அகலத்தை மட்டும் 8.56 என்று கொடுத்தால் உயரம் தானாக 5.4-க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 6 என்று காட்டினால் ஓரம் சரியாக வெட்டவில்லை, அல்லது சாய்வாக எடுத்த படம். அப்போது உயரத்தையும் கையால் 5.4 ஆக்கிவிடுவது தப்பு. முகம் நசுங்கும், சதுரமாக இருக்க வேண்டிய க்யூஆர் கட்டம் செவ்வகமாகிவிடும். நசுங்கியதா என்று பார்க்க முகத்தை விட க்யூஆர்தான் நம்பகமானது.

கடிதமாக வந்த காகித ஆதாரை வெட்டி லேமினேட் செய்தது என்றால் அளவு மாறும். ஸ்கேலை வைத்து அளந்து அந்த அகலத்தைக் கொடுக்கிறேன்.

முன்பக்கம் மேலே, ஒரு செ.மீ. விட்டு பின்பக்கம் கீழே. இரண்டும் தாளின் மேல்பாதியிலேயே முடிந்துவிடும். கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தால் சுய சான்றொப்பம் போட இடம் கிடைக்கும்.

*

அதிகம் பேர் தடுமாறுவது கோப்பின் எடையில். 'படத்தைத்தான் சின்னதாக்கிவிட்டேனே, ஏன் இன்னும் ஆறு எம்பி?' தாளில் சின்னதாகத் தெரிவது வேறு, கோப்புக்குள் இருப்பது வேறு. வெட்டிய பிறகு படம் 3200 பிக்சல் அகலம் என்றால், அதை 8.56 செ.மீ.க்கு இழுத்துச் சுருக்கினாலும் அந்த 3200-ம் உள்ளேயே இருக்கும். அந்த அளவில் அச்சடிக்க 300 டிபிஐ தாராளம், அதாவது 1011 பிக்சல் அகலம் போதும். உயரமும் அதே விகிதத்தில் குறைவதால் மொத்தப் பிக்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இதற்கு File > Export As > Export as PDF-இல் Reduce image resolution என்பதை டிக் செய்து 300 DPI வைக்க வேண்டும். பக்கத்திலேயே JPEG quality 90 என்று இருக்கும், 70 ஆக்கலாம். இன்னும் 200 கேபிக்குள் கேட்கிறார்கள் என்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கிறேன். டிபிஐயைக் குறைப்பது கடைசியில்தான், ஏனென்றால் ஆதார் க்யூஆரின் கட்டங்கள் மிக நெருக்கமானவை, முதலில் கெடுவது அதுதான். முடிந்த பிடிஎஃபைத் திரையில் பெரிதாக்கி முகவரியின் பின்கோடு வரை வாசித்துப் பார்த்த பிறகே ஏற்றுவேன்.

எடையைக் குறைக்க முன்பின் தெரியாத இணையதளத்தில் அடுத்தவர் ஆதாரை ஏற்றுவதை நான் செய்வதில்லை. அந்த நகல் எங்கே போகிறது என்று அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

*

எண்ணை மறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. ரைட்டரில் படத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து பிடிஎஃப் ஆக்கினால் எண் மறைந்தது போலத் தெரியும், ஆனால் முழுப் படமும் அடியில் அப்படியே இருக்கும். லினக்ஸில் ஒரே வரி போதும், படம் தனியாக வெளியே வந்துவிடும்:

```
pdfimages -all card.pdf out
```

மறைப்பதைத் தாளில் வைப்பதற்கு முன்பே படத்தில் செய்து, புதிய ஜேபிஜியாகச் சேமிக்க வேண்டும். அதைவிட நல்லது, ஆதார் தளத்திலேயே கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்ட் ஆதார் கிடைக்கிறது. முழு எண் தேவைப்படாத இடத்துக்கு அதை இறக்கித் தருகிறேன்.

*

அச்சு கேட்டால் பிரிண்ட் பெட்டியில் Actual size. Fit என்று இருந்தால் 8.56 சற்றுச் சுருங்கி வரும். ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும்.