நல்லமிளகு

எங்கள் தமிழ்ப் பேராசிரியர் மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றார். பழைய மாணவர்கள் சார்பில் வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு எங்கள் நால்வர் தலையில் விழுந்தது. ஒருவன் சென்னையில் வங்கி ஊழியன், ஒருத்தி பெங்களூரில், இன்னொருவன் மும்பையில், நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியன். திருவனந்தபுரத்தில் ஒன்றாகத் தமிழ் படித்தவர்கள்.

கேரள அரசுக் கல்லூரிகளில் 56 வயதில் ஓய்வு. களியக்காவிளையைத் தாண்டி வேலை பார்த்திருந்தால், 2021-ல் தமிழக அரசு போட்ட ஆணைப்படி 60 வரை இருந்திருக்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அவருக்கு நான்கு ஆண்டு நஷ்டம், மாணவர்களுக்கும்தான்.

சென்னைக்காரன் அனுப்பிய முதல் வரைவு எல்லா வாழ்த்துமடல்களையும் போலவே இருந்தது. 'அறிவுக் கடலே!', 'பண்பின் குன்றே!' என்று பத்திக்கு ஒரு விளி. பெங்களூர்க்காரி அதில் பேராசிரியரின் பெயரை அடித்துவிட்டு, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற தன் மாமனார் பெயரை எழுதிப் படித்துக் காட்டினாள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அத்துடன் அந்த வரைவு போயிற்று.

அப்படியானால் அவருக்கு மட்டுமே பொருந்துவது எது? நால்வரும் சொன்ன பதில் ஒன்றுதான்: சாலைக் கடைத்தெரு.

முதலாண்டு, இரண்டாவது வாரம். கிழக்கேகோட்டையில் எங்களை வரச் சொன்னார். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஐந்து பொருட்கள். தமிழில் கேட்க வேண்டும், கடைக்காரர் அதற்கு என்ன பெயர் சொல்கிறார் என்று எழுதிவர வேண்டும். மும்பைக்காரன் அப்போது மதுரையிலிருந்து வந்த புதுசு. சர்க்கரை கேட்டான், வெல்லத்தை எடை போட்டார்கள். சண்டைக்குப் போனான். "தம்பி, சர்க்கரைன்னா இதுதான். வெள்ளையா வேணும்னா பஞ்சசாரன்னு கேளுங்க" என்றார் கடைக்காரர். பின்னால் நின்ற பேராசிரியர், "உங்க வீட்டுப் பொங்கல்ல எதைப் போடுவாங்க?" என்று கேட்டார். "வெல்லம் சார்." "அந்தப் பொங்கலுக்குப் பேரு?" சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லிவிட்டு அவன் விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் சீட்டில் மிளகு. கடைக்காரர் 'நல்லமிளகு' என்றார். கெட்ட மிளகு உண்டா என்று கேட்டேன். பேராசிரியர் ஒரு கையில் மிளகையும் மறு கையில் வற்றலையும் எடுத்துக்கொண்டார். 1498-க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது மிளகாய். அதுவரை இங்கே காரத்துக்கு மிளகுதான். வந்த சரக்குக்குப் பெயர் இல்லை. தமிழ், மிளகு போல் உறைக்கும் காய் என்று 'மிளகாய்' ஆக்கியது. மலையாளமோ முளகு என்ற பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டது. பழைய மிளகு தன் பெயரை மீட்க ஓர் அடைமொழி தேட வேண்டியதாயிற்று: குருமுளகு, நல்லமுளகு. குமரித் தமிழிலும் நல்லமிளகுதான். "சொந்த வீட்டுக்காரன் அடையாளச் சீட்டு காட்டற கதை" என்று சிரித்தார்.

ஆனால் ஒரு கடையில் கேட்டதைச் சான்று என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்று கடை வேண்டும். சொன்னவர் நாகர்கோவிலா, திருநெல்வேலியா, உள்ளூரா என்றும் குறிக்க வேண்டும். வியாபாரி எதிரே நிற்பவரின் பேச்சுக்கு ஏற்றபடி தன் சொல்லை மாற்றிக்கொள்வார். அதனால் அவர் உங்களிடம் சொல்வதைவிட, கடைப்பையனைக் கூப்பிட்டு எதை எடுக்கச் சொல்கிறார் என்று காது கொடுக்க வேண்டும். நான் எழுதிவந்த ஐந்தில் மூன்று இந்தச் சோதனையில் தோற்றன.

இப்படி அவர் சேர்த்த சொற்கள் பதினான்கு கணக்கு நோட்டுகளில் கிடக்கின்றன. அச்சுக்குக் கொடுக்கலாமே என்றால், "இன்னும் மூணு கடை பாக்கி" என்பார். சொன்ன வியாபாரிகளில் பலர் இன்று இல்லை. அவர்களின் பிள்ளைகள் வேறு ஊர்களில், எங்களைப் போலவே.

ஆசிரியரை வழியனுப்பும் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு முன்மாதிரி உண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஹார்வியின் மாணவர் பெ. சுந்தரம் பிள்ளை. ஆசிரியர் விலகியபின் அதே பதவிக்கு வந்தார். பேரூர்க்கடையில் தன் வீட்டுக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். 1891-ல் வெளியான 'மனோன்மணீய'த்தை அவருக்கே சமர்ப்பித்தார். பெயர் வைக்க எங்களிடம் வீடு இல்லை. இருப்பவை வங்கிக் கடன் வீடுகள். எனவே பொன்னாடைக்குப் பதில் நோட்டுகளைப் பங்கிட்டுத் தட்டச்சு செய்து தருவதாக மடலில் எழுதினோம். அத்துடன் ஆளுக்கு ஒரு சொல்லும் எழுதினோம்.

மேடையிலேயே மடலைப் படித்தார். சென்னைக்காரனின் சொல்லில் விரலை வைத்து, "இதை எத்தனை கடையில கேட்டே?" என்றார். ஒன்று என்று ஒப்புக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

பதினோரு நோட்டுகளைத் தந்திருக்கிறார். மூன்றைத் தரவில்லை. என் பங்குக்கு வந்த முதல் நோட்டில் 'கொத்தமல்லி'க்கு எதிரே கடைக்காரர் ஊர் விடுபட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கேட்க வேண்டும்.