வரி எங்கே முறிகிறது

ஓலைச்சுவடியில் வரிமுறிவு என்று ஒன்று கிடையாது. ஓலையின் இடது ஓரத்தில் தொடங்கும் எழுத்து வலது ஓரம்வரை ஓடும். இடம் தீர்ந்தால் நிற்கும். சொல்லின் நடுவே நின்றாலும் எழுதுபவர் கவலைப்படுவதில்லை. செய்யுளும் உரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது, அடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் பக்கம் அச்சுக்காக உருவாக்கப்பட வேண்டியிருந்தது. அடி எங்கே முடிகிறது என்பதற்கான சான்று ஓலையின் பரப்பில் இல்லை; ஒலியில் இருந்தது. சீர்களை எண்ணினால் அடி கிடைக்கும். எதுகை அதை உறுதிப்படுத்தும்.

எதுகையின் இடம் இங்கே கவனத்துக்குரியது. ஆங்கிலச் செய்யுளின் இயைபு அடியின் இறுதியில் நின்று கதவைச் சாத்துகிறது. தமிழ் எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்கிறது. கேட்பவருக்கு முந்தைய அடி முடிந்தது என்பது அடுத்த அடி தொடங்கிய பிறகே தெரியவருகிறது. ஆகவே முடிவில் நின்று மூச்சுவிடுவதைவிட, முன்னோக்கிச் சாய்ந்து செல்வதே தமிழ்க் கதைச்செய்யுளின் இயல்பாக இருந்திருக்கிறது. அகவலில் ஒரே வாக்கியம் எச்சவினைகளைப் பற்றிக்கொண்டு பல அடிகள் நீளமுடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நேரிசை ஆசிரியப்பாவில் நாற்சீரடிகள் வரிசையாக வந்து, ஈற்றுக்கு முந்தைய அடி மட்டும் முச்சீராகக் குறைகிறது. ஒரு சீர் குறைந்தவுடனே, கதை நிற்கப்போகிறது என்று காது அறிந்துகொள்கிறது. கண் அறியவேண்டிய தேவை அங்கு இல்லை.

‘அடி’ ஒலியின் அலகு, ‘வரி’ தாளின் அலகு என்ற வேறுபாட்டை இன்றைய கவிதை விமர்சனம் பெரும்பாலும் மறந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகப் புழங்குவதால், யாப்பைத் துறந்த நெடுங்கதைக்கவிதை எதை இழந்தது, அதற்கு ஈடாக எதைப் பெற்றது என்ற கேள்வியே எழாமல் போகிறது.

பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ (முதற்பாகம் 1912) சிந்து வகைகளைக் கொண்டு கதை சொன்னது. அதில் வரி அச்சுத்தாளில் நின்றாலும் அடி நாக்கில் இருந்தது. 1990களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த வைரமுத்துவின் ‘தண்ணீர் தேசம்’ அந்தப் பிடிமானத்தை விட்டுவிட்டது. கலைவண்ணன், தண்ணீரைக் கண்டு அஞ்சும் தமிழ்ரோஜா, மீனவர்கள், நடுக்கடலில் செயலிழந்த படகு, இடையிடையே தண்ணீரைப் பற்றிய அறிவியல் செய்திகள் எனச் செல்லும் கதை குறுவரிகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. சீர்க்கணக்கு இல்லை, வரியைத் தீர்மானிப்பது ஆசிரியரின் கை மட்டுமே. அதே ஆசிரியர் பின்னர் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தை எழுதியபோது உரைநடைக்கு வந்தார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. மண்ணை இழக்கும் ஒரு குடியானவரின் நீண்ட கதைக்கு அடிக்கடி முறியும் வரி தாங்காது.

தமிழில் வரியை முறிப்பதன் விளைவு, வரியின் கடைசிச் சொல்லில் எந்த விகுதி ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ் தன் உறவுகளைச் சொல்லின் வாலில் சுமக்கும் மொழி. வினைமுற்று இறுதியில் வரும். எனவே ஒவ்வொரு வரியின் முடிவும் அடுத்து வரவேண்டியதைப் பற்றி வாசகருக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டே நிற்கிறது. இதற்கென அமைத்துக்கொண்ட ஒரு வாக்கியத்தைப் பார்க்கலாம்: அவன் வருவான் என்று நடைமேடையில் நின்ற அப்பா கடைசி வண்டியும் போனபின் வீட்டுக்குத் திரும்பினார். இதைத் தொடர் எல்லைகளில் முறித்தால் இப்படி வரும்:

அவன் வருவான் என்று
நடைமேடையில் நின்ற அப்பா
கடைசி வண்டியும் போனபின்
வீட்டுக்குத் திரும்பினார்.

செய்தி சீராக இறங்குகிறது. நான்கு வரி, நான்கு துண்டு. உரைநடையாக வாசித்தாலும் நாக்கு ஏறக்குறைய இதே இடங்களில்தான் நிற்கும். அதே வாக்கியம் இன்னொரு முறிப்பில்:

அவன் வருவான்
என்று நடைமேடையில் நின்ற
அப்பா கடைசி வண்டியும்
போனபின் வீட்டுக்குத்
திரும்பினார்.

முதல் வரியில் ‘அவன் வருவான்’ என்பது உண்மை. வினைமுற்று வந்துவிட்டது, வாக்கியம் முடிந்துவிட்டது, மகன் வரப்போகிறான். இரண்டாம் வரியின் ‘என்று’ அந்த உண்மையை ஒருவருடைய நம்பிக்கையாக இறக்கிவிடுகிறது. தமிழில் ‘என்று’ தான் தழுவும் கூற்றுக்குப் பின்னால் வருவதால்தான் இது நிகழ்கிறது. கூற்றுக்கு முன்பே இணைப்புச்சொல் வந்துவிடும் ஆங்கிலத்தில் இந்த ஏமாற்றத்தை இதே வழியில் உண்டாக்க முடியாது. ஒரு வரி இடைவெளியளவு நேரம் வாசகரும் அந்த அப்பாவோடு நம்பிக்கொண்டிருந்தார். வரிமுறிவு உணர்ச்சியை உண்டாக்குகிறது என்று சொல்லும்போது நிகழ்வது இதுதான்: இலக்கணம் சற்று நேரம் தவறான ஒரு முடிவை அனுமதிக்கிறது, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

‘நின்ற’ என்ற பெயரெச்சத்தில் முறிவது வேறு வகை. பெயரெச்சம் பெயரைக் கேட்கும். நின்றது யார் என்ற இழுப்பு வாசகரை அடுத்த வரிக்கு வேகமாகத் தள்ளுகிறது. வினையெச்சத்தில் முறிந்தால் இழுப்பு இவ்வளவு கடுமையாக இராது. அடுத்த செயலுக்காகக் காத்திருக்கலாம், காத்திருப்பதற்கு இடமும் இருக்கும். ‘வீட்டுக்குத்’ என்ற இடத்திலோ ஓர் ஒற்று வேலை செய்கிறது. அந்தத் தகரமெய் அடுத்த வரியின் முதல் ஒலியை முன்கூட்டியே நாக்கில் வைத்துவிடுகிறது. வாசிப்பவர் அங்கே நிற்க விரும்பினாலும் நிற்க முடியாது. ஒற்றை நீக்கி ‘வீட்டுக்கு’ என்று எழுதினால் சிறு இடைவெளி பிறக்கும், அப்பாவின் நடை தளரும். சந்தியை வரியின் இறுதியில் எழுதுவதா விடுவதா என்பதைப் பதிப்பாசிரியர்கள் பிழைதிருத்த வேலையாகவே எண்ணுகிறார்கள். கதைக்கவிதையில் அது வேகத்தைத் தீர்மானிக்கும் முடிவு.

இறுதியில் ‘திரும்பினார்’ என்பதைத் தனி வரியாக நிறுத்தியிருப்பது இவற்றுள் மிக மலிவான உத்தி. வினை வரப்போகிறது என்பது தெரிந்ததே. தனியே நிறுத்துவதால் அதற்குக் கனம் கூடுமே தவிரப் புதுச்செய்தி ஏதும் பிறக்காது. புதுக்கவிதை வடிவில் வந்த நெடுங்கதைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இப்படித் தனித்து நிற்கும் வினைமுற்றுகளைக் காணலாம். இருபது வரிக் கவிதை ஒவ்வொரு முறிவையும் அடியாக இறக்கலாம். இருநூறு பக்கக் கதையில் அதே செய்தால் பத்தாம் பக்கத்துக்குப் பிறகு எந்த அடியும் உறைக்காது. மகன் இறந்ததும் வீதியில் மாடு கடந்ததும் ஒரே கனத்தில் விழும். கதைக்கு முதலில் வேண்டியது கவனத்தைக் கோராத ஒரு வழக்கமான வரி. அதிலிருந்து விலகும்போதுதான் விலகல் தெரியும். யாப்பு அந்த வழக்கத்தை இலவசமாகக் கொடுத்தது. விக்ரம் சேத் 1986இல் ‘தி கோல்டன் கேட்’ நாவலைப் புஷ்கினின் பதினான்கு வரிப் பத்தியில் எழுதியதும் இத்தகைய வழக்கத்தை வேண்டித்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் அலுவலகப் பேச்சும் விருந்துகளும் அந்தச் சட்டத்துக்குள் சிரமமின்றி ஓடுகின்றன. சட்டம் இல்லாதவர் தமக்கென ஒரு வழக்கத்தைத் தாமே கட்டவேண்டும். தமிழில் பலர் அதைச் செய்யவில்லை.

ஒரு முறிவு உழைக்கிறதா என்று அறிய எளிய வழி, பக்கத்தைப் பார்க்காதவருக்கு வாசித்துக் காட்டுவது. முலுண்டில் ஒரு கல்லூரி மாணவி, பள்ளிக்குப் போகாத தன் ஆச்சிக்கு இரவுகளில் கதை வாசிப்பாள். ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, பிறகு மகனோடு முலுண்டில் குடியேறியவர். அல்லி அரசாணி மாலையைக் காதால் கேட்டே மனத்தில் வைத்திருப்பவர். குறுவரிகளில் எழுதப்பட்ட ஒரு கதையை, வரிக்கு வரி நிறுத்தி மாணவி வாசித்த இரவில் அவர் கேட்டார்: “ஏன்ட்டி நடுவுல நடுவுல நிக்க? மூச்சு முட்டுதா?” மாணவி நிறுத்தாமல் வாசித்தாள். கதை ஒன்றும் குறையவில்லை. அந்த முறிவுகள் கண்ணுக்கான அலங்காரம் மட்டுமே என்பது அப்போது வெளிப்பட்டது. இரண்டு நாள் கழித்து அதே நூலில் வேறோரிடத்தில், நிறுத்தாமல் ஓடிய வாசிப்பை ஆச்சியே மறித்து, “அந்த எடத்துல செத்த நில்லு, திரும்பச் சொல்லு” என்றார். அங்கே வரி ‘என்று’ என்ற சொல்லுக்கு முன் முறிந்திருந்தது. பக்கத்தைக் காணாமலே அவர் அந்த இடத்தைக் கண்டுகொண்டார்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்கு மட்டுமே உரிய முறிவுகளும் நேர்மையானவையாக இருக்கலாம். வரி சுருங்கச் சுருங்கப் பக்கத்தில் வெள்ளை கூடுகிறது. அந்த வெள்ளையைக் காதால் கேட்க முடியாது. கடலில் தவிக்கும் படகைச் சுற்றி வெற்றிடம் விடுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை இன்று அச்சகத்தாரின் கையிலும் இல்லை.

அதே மாணவி காலையில் முலுண்டிலிருந்து சிஎஸ்எம்டி செல்லும் மெதுவண்டியில் அதே கதையைக் கைப்பேசியில் வாசிக்கிறாள். மின்னூல் திரையின் அகலத்துக்கேற்ப வரிகளை மடித்துக்கொள்கிறது. தமிழ்ச்சொற்கள் நீளமானவை, ‘நின்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரு சொல்லே திரையின் அகலத்தைத் தின்றுவிடும். ஆசிரியர் ஒரே வரியாக எழுதியதில் கடைசிச் சொல் மட்டும் கீழே விழுகிறது. அது தனி வரியாகி, ஆசிரியர் நினையாத கனத்தைப் பெறுகிறது. எழுத்தளவைப் பெரிதாக்கினால் வேறோரிடத்தில் முறிகிறது. நல்ல அச்சுநூல்களில் மடிந்த வரியைச் சற்று உள்தள்ளி வைப்பார்கள். அதைக் கொண்டு எது ஆசிரியருடையது, எது தாளுடையது என்று பிரித்தறியலாம். தமிழ் மின்னூல்கள் பலவற்றில் அந்த உள்தள்ளல் இல்லை. எனவே வாசகர் வேறு சான்றுகளைத் தேடவேண்டும்: விழுந்த சொல்லுக்கு முன்னால் திரை விளிம்புவரை நிரம்பியிருக்கிறதா, கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினால் அந்தச் சொல் மேலேறுகிறதா.

பாண்டூப் தாண்டி, காஞ்சூர்மார்க் நெருங்கும்போது கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. கைப்பேசியைத் திருப்ப இடமில்லை. மாணவி உதடசைத்து வாசிக்கிறாள். நாக்கு எங்கே நிற்க மறுக்கிறதோ அங்கே திரையின் முறிவைக் கடந்துவிடுகிறாள். எங்கே நின்றால் வாக்கியம் பொய்யாக முடிகிறதோ அங்கே மட்டும் நிற்கிறாள்.