பன்னிரண்டு நொடி தேவைப்பட்டவர்களுக்கு இரண்டு நொடி கொடுத்தோம்

போன மாதம் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுமனைப் பட்டா யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். நாங்கள் யூடியூபில் போட்ட "விண்ணப்பம் எழுதுவது எப்படி" என்ற வீடியோவைப் பார்த்துத்தான் போட்டாராம். "எண்பது நாள் ஆச்சு தம்பி, ஒரு பதிலும் வரல. இனி என்ன பண்றது?" என்று கேட்டார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று அதே வீடியோவில் 5:40-இல் நானே சொல்லியிருக்கிறேன். "அந்த இடம் வரைக்கும் பாக்கலையா ஐயா?" என்றேன். "எழுத்தெல்லாம் ஓடிப்போச்சு தம்பி. பேரன வெச்சு நிறுத்தி நிறுத்தி எழுதினேன். கை ஓஞ்சு போச்சு, அதுக்கப்புறம் பாக்கல" என்றார்.

அன்றிரவு யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, பார்வையாளர் தங்கும் அளவைக் காட்டும் வரைபடத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். வீடியோவின் எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் இருந்தார்கள் என்று அது காட்டும். எங்கள் வீடியோ 8 நிமிடம் 20 நொடி. அதில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்று 2 நிமிடத்தையொட்டி, இன்னொன்று 4:10-இல்.

எடிட் செய்த தம்பியிடம் காட்டினேன். "ரெண்டு இடத்துலயும் இழுக்குதுண்ணே. இன்னும் வேகமா வெட்டியிருக்கணும்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளம் என்றாலே சலிப்பு, சலிப்புக்கு மருந்து வேகம் என்று எல்லோரும் சொல்வதை நம்பியிருந்தோம். ஆனால் பெரியவர் சொன்னது அதற்கு நேர் எதிர். எழுத்து ஓடிப்போனது என்றார். இழுக்கிற வீடியோவில் எழுத்து எப்படி ஓடும்?

மறுபடி வரைபடத்தைப் பார்த்தபோதுதான் இரண்டு பள்ளமும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. முதல் பள்ளம் 58 சதவீதத்திலிருந்து 49-க்கு இறங்கி, 2:35-க்குள் 56-க்குத் திரும்ப ஏறியிருந்தது. போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் வீடியோவை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். இரண்டாவது பள்ளத்துக்கு முன்னால், 4:00-க்கும் 4:10-க்கும் நடுவில், ஒரு சிறு மேடு இருந்தது. அதற்குப் பிறகு 51-லிருந்து 38-க்கு விழுந்து, திரும்ப ஏறவே இல்லை. மேடு என்றால் அந்த இடத்தை மக்கள் பின்னால் தள்ளி மறுபடி பார்த்திருக்கிறார்கள். செல்போனில் இரண்டு முறை தட்டினால் 10 நொடி பின்னால் போகும். மேட்டின் அகலமும் ஏறக்குறைய அதுதான். திரும்பப் பார்த்தும் பிடிபடாமல் போய்விட்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பும் சொல்லலாம். மாதிரி விண்ணப்பம் கிடைத்துவிட்டது, வந்த வேலை முடிந்தது, அதனால் போனார்கள் என்று. அப்படியானால் மாதிரி விண்ணப்பம் முடியும் 4:27-க்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும். இது தொடங்கிய சில நொடிகளிலேயே விழுந்திருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரைபடம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்குச் சொல்லாது. வீடியோ எவ்வளவு நீளமானாலும் அதைச் சுமார் நூறு துண்டாகப் பிரித்துத்தான் காட்டுகிறது. எங்கள் 500 நொடி வீடியோவில் ஒரு துண்டு 5 நொடி. எங்களுடையது நொடிக்கு 25 ஃபிரேம். ஆகவே ஒரு துண்டில் 125 ஃபிரேம். வரைபடம் தெருவைக் காட்டும், வீட்டை நாம்தான் தேட வேண்டும். அதனால் பள்ளத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நொடி சேர்த்தே பார்க்கத் தொடங்கினேன்.

எடிட் கோப்பு எங்களிடம் இல்லை, மடிக்கணினியோடு போய்விட்டது. வெளியிட்ட வீடியோ மட்டும்தான் மிச்சம். முதலில் குறுக்குவழியில் போனேன். காட்சி மாறும் இடங்களைக் கண்டுபிடிக்க இந்தக் கட்டளை போதும் என்று நினைத்தேன்:

```
ffmpeg -i video.mp4 -vf "select='gt(scene,0.3)',showinfo" -f null -
```

ஒரு ஃபிரேமுக்கும் முந்தைய ஃபிரேமுக்கும் படம் பெரிதாக மாறியிருந்தால், அந்த நேரத்தை `pts_time` என்று அச்சிடும். மொத்தம் 61 வெட்டு என்று சொன்னது. 4:05-இலிருந்து 4:27 வரை ஒரு வெட்டுகூட இல்லை என்றது. அப்படிப் பார்த்தால் தம்பி சொன்னதுதான் சரி, அந்த இடம் இழுக்கிறது!

நம்பாமல் கண்ணால் பார்த்தேன். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் `.` அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், `,` அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னால் வரும். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஷாட் தொடங்கும் நேரம், எத்தனை ஃபிரேம், திரையில் என்ன எழுத்து, அப்போது குரல் என்ன சொல்கிறது என்று நான்கு கட்டம் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு இரவு ஆயிற்று.

கையால் எண்ணியபோது வெட்டு 74. விடுபட்ட 13-இல் 10 அந்த 22 நொடிக்குள்ளேயே இருந்தன. ஏன் விடுபட்டன? அங்கே ஒவ்வொரு வெட்டிலும் ஒரு படம் கரைந்து இன்னொன்றாக மாறும்படி தம்பி வைத்திருந்தான். மெதுவாகக் கரையும்போது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, கட்டளைக்குத் தெரியவில்லை. மீதி 3-உம் என் முகத்திலிருந்து என் முகத்துக்கே வெட்டிய இடங்கள்.

74 வெட்டு என்றால் 75 ஷாட். சராசரி ஆறே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சராசரிக்குள் ஒரு 41 நொடி ஷாட்டும், 22 நொடியில் 11 ஷாட்டும் ஒளிந்திருந்தன. 41 நொடி ஷாட் முதல் பள்ளம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை வாங்க நான் நடந்துபோவது, காத்திருப்பது, வாங்குவது எல்லாம் ஒரே ஷாட்டில். அதை மக்கள் தாண்டியது நியாயம். அங்கே மட்டும் தம்பி சொன்னது சரி.

இரண்டாவது இடம்தான் வயிற்றைக் கலக்கியது. மாதிரி விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு ஷாட், ஒவ்வொன்றும் 50 ஃபிரேம். இரண்டு நொடி என்று கணக்குச் சொல்லும். ஃபிரேம் ஃபிரேமாகப் போனால் அதுகூட இல்லை. முதல் 10 ஃபிரேமில் முந்தைய வரி இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது. அடுத்த 12 ஃபிரேம் எழுத்தை நோக்கிக் கேமரா நெருங்குகிறது. கடைசி 10 ஃபிரேமில் அடுத்த வரி மேலே படரத் தொடங்கிவிடுகிறது. எழுத்து அசையாமல் தெளிவாக நிற்பது 18 ஃபிரேம். முக்கால் நொடிகூட இல்லை. டேட்டா குறைவாக உள்ளவர்கள் பார்ப்பதுபோல 240p-இல் வைத்துப் பார்த்தேன். படம் மாறியதும் சில ஃபிரேம் வரை எழுத்து மங்கலாகவே இருந்து பிறகுதான் தெளிந்தது. அந்த 18-லும் கொஞ்சம் போயிற்று. இது போதாதென்று, குரல் முகவரியைச் சொல்லும்போது திரையில் சட்டப் பிரிவு வந்துவிடுகிறது.

எட்டாவது வரை படித்த என் அத்தையிடம் போனேன். "தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோரும் விண்ணப்பம்" என்ற வரியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். 7 நொடி ஆனது. பார்த்து எழுதச் சொன்னேன். ஒரு வரிக்கு நாலைந்து முறை தலையைத் தூக்கிப் பார்த்தார். "நீ என்னமோ பரீட்சை வெக்கிற" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரிகளை எங்களுக்குப் படிக்கத் தேவையில்லை, மனப்பாடம். மனப்பாடமான கண்ணுக்கு 18 ஃபிரேம் போதும். எடிட் மேசையில் எங்கள் கண்ணை வைத்து வெட்டினோம். பார்க்கப்போகிற கண்ணை வைத்து வெட்டவில்லை.

திருத்துவதிலும் இரண்டு பள்ளமும் ஒன்றல்ல. 41 நொடி நடையை யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே வெட்டி எடுத்துவிட்டோம். வீடியோவின் முகவரி மாறவில்லை, பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் இல்லாத ஃபிரேமை அங்கே சேர்க்க முடியாது, பழைய வீடியோ இருந்த இடத்தில் புதியதை வைக்கவும் முடியாது. மாதிரி விண்ணப்பத்தை மறுபடி படம்பிடித்து, புது வீடியோவாகத்தான் போட வேண்டியிருந்தது. ஆகவே எழுத்து வரும் இடத்தில் சந்தேகம் வந்தால் நீளமாக விட்டுவிடுங்கள். பின்னால் குறைக்கலாம், கூட்ட முடியாது.

புதியதில் கரைவு இல்லை, நேர் வெட்டு. கேமரா நகராது. ஒவ்வொரு வரிக்கும் 12 நொடி, அதாவது 300 ஃபிரேம். முதல் 7 நொடி குரல் அதே வரியைப் படிக்கும், பிறகு பேசாமல் இருக்கும். கடைசியில் முழு விண்ணப்பமும் ஒரே படமாக நிற்க, "இங்கே நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறேன். மேல்முறையீட்டுக் கெடுவை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டோம். எவ்வளவு திருத்தினாலும் சிலர் பாதியில் போவார்கள்.

மூன்று வாரம் ஆகிறது. புது வீடியோவில் அந்த இடத்தில் 4 சதவீதம் மட்டும் இறங்குகிறது, மேடு இல்லை. இதை வெற்றி என்று இப்போதே சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் இன்னும் 300 பேர்தான், ஒரு சதவீதம் என்பது 3 பேர். பழையதைப் பார்த்தவர்களும் இவர்களும் ஒரே கூட்டம் இல்லை.

பெரியவர் விஷயம்: கெடு தாண்டியிருந்தாலும், தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் மேல்முறையீட்டை ஏற்கலாம் என்று பிரிவு 19(1) சொல்கிறது. காரணத்தை ஒரு பத்தியாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஏற்பதும் மறுப்பதும் இப்போது அந்த அலுவலர் கையில். கடிதத்தை எழுதும்போது பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரியையும் அவர் படித்து முடித்துத் தலையசைத்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.