மலிவு டிக்கெட்டின் உண்மையான விலை



டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்க டுபாய், டோஹா போக இருப்பவர்கள் பலர் டிக்கெட் பற்றிக் கேட்கிறீர்கள். போன வருடம் நாங்கள் பட்டதை எழுதினால் யாருக்காவது உதவும்.

மகளின் தலைப்பிரசவத்துக்காக நானும் மனைவியும் டுபாய் போக வேண்டியிருந்தது. ஒரே விமானம், ஒரே நாள், ஆனால் இரண்டு விலை. போய்வர அடிப்படை டிக்கெட் ஆளுக்கு 88,000 ரூபா. திகதி மாற்றக்கூடிய பிளெக்ஸ் டிக்கெட் 118,000 ரூபா. "ரெண்டும் ஒரே பிளேன்தானே, எதுக்கு அறுபதாயிரத்தைக் கூடக் கொடுப்பான்?" என்று மனைவி கேட்டார். நானும் தலையாட்டினேன்.

முதல் சிக்கல் பொதி. எங்கள் அடிப்படை டிக்கெட்டில் 7 கிலோ கைப்பை மட்டும்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள், நல்லெண்ணெய், தேன் எல்லாம் கட்டி வைத்திருந்தோம். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் எண்ணெய், தேன் போன்றவற்றைக் கொண்டுபோக முடியாது. ஆகவே எண்ணெய் போகவேண்டுமென்றால் கீழே போடும் பொதி கட்டாயம். இருவருக்குமாக 20 கிலோ பொதி ஒன்றுக்கு 16,000 ரூபா கட்டினோம்.

இரண்டாவது சிக்கல் திகதி. டொக்டர் சொன்ன நாளுக்கு முன்பே மகளை வாட்டில் சேர்த்துவிட்டார்கள். "வாப்பா, உம்மாவக் கெதியா கூட்டி வாங்க" என்று அவள் அழுதாள். அன்றே திகதியை முன்னுக்கு மாற்றினோம். மாற்றும் கட்டணம் ஆளுக்கு 20,000. அதற்கு மேல் புதிய திகதியின் விலை கூடியிருந்ததால் வித்தியாசம் 23,000. இருவருக்கும் 86,000 ரூபா போனது.

இங்கேதான் பலர் பிழையாக விளங்குகிறார்கள். பிளெக்ஸ் எடுத்திருந்தாலும் முழுக்க இலவசமாக மாற்றியிருக்க முடியாது. மிச்சமாவது அந்த 20,000 கட்டணம் மட்டுமே. விலை வித்தியாசத்தை எந்த டிக்கெட்டிலும் நாம்தான் கட்டவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அடிப்படை டிக்கெட், பொதி, மாற்றம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 278,000. பிளெக்ஸ் எடுத்திருந்தால், அதிலேயே பொதி இருந்ததால், 282,000. நாலாயிரம்தான் வித்தியாசம். அதுவும் கட்டுநாயக்கவில் கைப்பைகளை நிறுத்துப் பார்க்கும்வரைதான். 3 கிலோ கூடியதற்கு கவுண்டரில் 12,000 ரூபா வாங்கினார்கள். மலிவு டிக்கெட் எட்டாயிரம் கூடிப்போனது.

ஆசனமும் அப்படித்தான். அடிப்படை டிக்கெட்டில் விரும்பிய ஆசனத்துக்குக் காசு. கட்டாவிட்டால் கம்பியூட்டர் தருவதில்தான் இருக்கவேண்டும். முழங்கால் வலியுள்ள மனைவி நடு ஆசனத்தில், நான் ஆறு வரிசை பின்னால். பிளெக்ஸில் சாதாரண ஆசனத்தை முன்கூட்டியே இலவசமாகத் தெரிவுசெய்திருக்கலாம்.

அதற்காக எல்லோரும் பிளெக்ஸ் எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. லீவு திகதி உறுதியான, கைப்பையோடு மட்டும் போகும் இளைஞனுக்கு அடிப்படை டிக்கெட்டே போதும். பொதி மட்டும் தேவையென்றால் இடைப்பட்ட வகையைப் பாருங்கள். எமிரேட்ஸில் ஸ்பெஷல், சேவர், பிளெக்ஸ், பிளெக்ஸ் பிளஸ் என்று வகைகள் உண்டு. பிளைடுபாயின் லைட் வகையில் கீழே போடும் பொதி இல்லை. பிரசவம், வயதான பெற்றோர், வைத்தியம் என்று திகதி நம் கையில் இல்லாத பயணத்துக்குத்தான் பிளெக்ஸ் பிரயோசனம்.

டிக்கெட் கையில் கிடைத்ததும் ஏஜென்சியில் இருந்தபடியே வாசியுங்கள். பொதிக்கு நேரே `20K` என்றால் 20 கிலோ, `1PC` என்றால் ஒரு பொதி, `NIL` அல்லது `0PC` என்றால் ஒன்றுமில்லை. `NONREF` என்றிருந்தால் ரத்துச் செய்தால் டிக்கெட் விலை திரும்பி வராது. ஆனாலும் பயன்படுத்தாத விமான நிலைய வரியைக் கேட்டுப் பாருங்கள், அது பல தடவை கிடைக்கும்.

கடைசியாக, மாரி காலத்தில் போகிறவர்களுக்கு. மன்னம்பிட்டியில் வெள்ளம் பாதையை மறித்து, விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால், வேனுக்குள் இருந்தே ஏஜென்சிக்கு அழைத்து விமானம் புறப்படும் முன் திகதியை மாற்றுங்கள். சொல்லாமல் விட்டால் 'வரவில்லை' என்று பதிவாகும். அதற்குத் தனி அபராதம் இருக்கலாம், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகும். பிளெக்ஸ் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். நல்லெண்ணெயும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.