ஒரு மணி நேர உரையும் ஒரே ஒரு கேள்வியும்

மாநாட்டு முதன்மை உரை மேடைக்காகத் தயாராவது. நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று கணக்கிட்டாலும், ஒரு மணி நேரப் பேச்சின் எழுத்துப்படி ஒன்பதாயிரம் சொல்லைத் தொட்டுவிடும். அதை அப்படியே டீமுக்கு அனுப்பினால் பாதிப் பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பத்து வரியாகச் சுருக்கி அனுப்பினால் எல்லோரும் படிக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறார்கள், மறந்தும் போகிறார்கள். பேச்சாளர் என்ன சொன்னார் என்பதைச் சுருக்கம் சொல்லிவிடும். ஆனால் திங்கட்கிழமை காலை எந்தக் கோப்பைத் திறந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை எந்த முதன்மை உரையும் சொல்லாது. அதைக் கேட்பவர்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் டீம்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் ஓர் உரையை வைத்தே இதைப் பார்க்கலாம். க்ளோஜர் மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி, 2011-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஸ்ட்ரேஞ்ச் லூப் மாநாட்டில் ‘சிம்பிள் மேட் ஈஸி’ என்ற தலைப்பில் பேசியது அது. எளிமை வேறு, சுலபம் வேறு என்பது உரையின் மைய வாதம். பல இழைகள் ஒன்றோடொன்று பின்னாமல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றால் அது எளிமை. யார் பார்த்தாலும் பின்னல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். சுலபம் ஆளைப் பொறுத்தது: கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஏற்கெனவே பழகியதும் சுலபமாகத் தெரியும். சுலபமாகத் தொடங்கிய நிரல் உள்ளுக்குள் சிக்கலாகப் பின்னிக் கிடக்கலாம். பின்னால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் விலையைக் கொடுக்க நேரும் என்கிறார் ஹிக்கி.

இந்த உரைக்கு ஆர்வலர்கள் தயாரித்த எழுத்துப்படி கிடைக்கிறது. தானியங்கி வசன வரிகளை மட்டும் நம்பி இறங்குபவர்களுக்கு முதல் சறுக்கல் அங்கேயே காத்திருக்கும். இழைகளைப் பின்னிவிடுவதைக் குறிக்க ஹிக்கி தேடிப் பிடித்த பழைய சொல் ‘கம்ப்ளெக்ட்’. வழக்கில் இல்லாத சொல் என்பதால், கருவி அதை எளிதாக ‘காம்ப்ளெக்ஸ்’ என்று எழுதிவிடும். அப்போது ஒரு செயலைக் குறித்த வாக்கியம் ஒரு தன்மையைக் குறித்ததாக மாறி, வாதமே மங்கிவிடுகிறது. க்ளோஜர் என்ற மொழிப் பெயருக்கும், நிரலாக்கத்தில் வழங்கும் க்ளோஷர் என்ற கருத்துக்கும் காதில் வித்தியாசம் தெரியாது; எது என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆகவே எழுத்துப்படியைத் தயாரிப்பவர் உரையை ஒருமுறை முழுதாகக் கேட்டு, மையச் சொற்களை மட்டுமாவது சரிபார்த்துவிட வேண்டும். இலக்கணத்தைத் திருத்தி நேரம் போக்கத் தேவையில்லை. பத்திக்குப் பத்தி நேரக் குறி இருந்தால் போதும், சந்தேகம் வரும்போது அந்த இடத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த இழப்பு ஸ்லைடு. உரையின் நடுப்பகுதியில் ஹிக்கி ஓர் அட்டவணையைத் திரையில் வைக்கிறார். ஒரு பக்கம் நிரலாக்கக் கருவிகள், மறுபக்கம் அவை எவற்றை ஒன்றாகப் பின்னுகின்றன என்ற பட்டியல். மாறிகள் மதிப்பையும் காலத்தையும் பின்னுகின்றன. மரபுரிமை வகைகளைப் பின்னுகிறது. ஆப்ஜெக்ட் என்றால் நிலை, அடையாளம், மதிப்பு மூன்றும் ஒரே முடிச்சு. திரையில் தெளிவாக நிற்கும் இது, எழுத்துப்படியில் மூச்சுவிடாமல் ஓடும் ஒரே பத்தியாகிவிடுகிறது. ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள முயல்வது வீண். அதே அட்டவணையில் ஓஆர்எம் வரிசைக்கு நேரே விளக்கமே கிடையாது, தலையில் கைவைக்கும் ஒரு வியப்புச் சொல்தான் இருக்கிறது. அரங்கில் அது நகைச்சுவை. எழுத்தில் சிரிப்பொலி கேட்காது என்பதால், “ஓஆர்எம் பயன்படுத்தக் கூடாது” என்ற கட்டளையாக யாரோ ஒருவருடைய குறிப்பில் அது ஏறிவிடும்.

படி சரியானதும் வாசிப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு சொல்லில் குறிப்பது நல்ல பழக்கம்: வாதம், காரணம், உதாரணம், பரிந்துரை, கிண்டல். ஹிக்கியின் உரையில் இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சோதனைகளைப் பற்றிய பகுதியே போதும். சோதனைகளை நம்பியே நிரலை மாற்றுவதை, சாலையோரத் தடுப்பில் மோதி மோதி வண்டி ஓட்டுவதற்கு ஒப்பிட்டு அவர் கேலி செய்கிறார். களத்தில் பிடிபடும் ஒவ்வொரு பிழையும் ஏற்கெனவே எல்லாச் சோதனைகளையும் தாண்டி வந்ததுதானே என்பது அவர் காட்டும் காரணம். கேலியை மட்டும் குறித்துக்கொண்டால் ‘சோதனை வேண்டாம்’ என்ற அபத்தமான பாடம் கிடைக்கும். காரணத்தையும் சேர்த்துப் படித்தால் வருவது வேறு: தடுப்பு வண்டியை வழிநடத்தாது, நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு யோசிக்கும் திறனுக்குச் சோதனை ஈடாகாது. இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு டீமின் தரக் கொள்கையையே புரட்டிப் போடக்கூடியது.

பேச்சாளர் எங்கே நின்று பேசுகிறார் என்பதையும் ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். மாறாத மதிப்புகள், கட்டுக்குள் வைத்த நிலை என்று ஹிக்கி பரிந்துரைப்பவற்றில் பல, அவர் தாமே க்ளோஜருக்குள் கட்டி வைத்தவை. அதனால் அவை தவறாகிவிடா. ஆனால் ஜாவாவிலோ பைத்தானிலோ பல வருடமாக ஓடும் ஒரு சேவையைப் பராமரிக்கும் டீமுக்கு அவற்றை அப்படியே எடுக்க வழியில்லை. மொழி மாறாமலே செய்யக்கூடியது எது என்று சல்லடை போட்டால் பட்டியல் வெகுவாகக் குறையும். குறைவது நல்லதுதான். டீம் கூடி விவாதிக்கும் ஓர் அமர்வுக்கு ஒரு கருத்து என்பதே பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவு. இரண்டுக்கு மேல் வைத்தால் எதுவும் நிரல் வரை வந்து சேர்வதில்லை.

அப்படிச் சல்லடையில் தங்கும் ஒன்று வரிசை, அதாவது கியூ. ஒரு பகுதி இன்னொன்றை நேரடியாக அழைக்கும்போது, வேலை எப்போது நடக்கும், எங்கே நடக்கும் என்பவை இரண்டும் அழைப்பவரோடு பின்னிவிடுகின்றன. நடுவில் ஒரு வரிசையை வைத்தால் அவை பிரிகின்றன என்பது ஹிக்கியின் கருத்து. இதை அப்படியே பாடமாக எழுதினால் “வரிசைகளைப் பயன்படுத்துங்கள்” என்று வரும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. பயன்படும் பாடம் கேள்வி வடிவில் இருக்கும்: “இந்த அழைப்பின் பதில், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதற்கு முன் நமக்குத் தேவையா?” இதற்கு ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். யாருடைய நிரலிலும் கேட்டுப் பார்க்கலாம். உரையைக் கேட்காத புதியவருக்கும் விளங்கும்.

கேள்வியை எறிந்து பார்க்க டீமின் சொந்த நிரலிலிருந்து ஒரு துண்டு வேண்டும். இணையக் கடை ஒன்றில் ஆர்டர் பதியும் பகுதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

```python
def place_order(order):
    save(order)
    reduce_stock(order)
    send_invoice_mail(order)
    send_sms(order)
```

படிக்கச் சுலபம். ஆனால் மின்னஞ்சல் சர்வர் பதில் தராமல் இழுத்தடித்தால் வாடிக்கையாளரின் திரையும் சுழன்றுகொண்டே இருக்கும். மூன்றாவது அழைப்பில் பிழை எழுந்தால், ஆர்டர் பதிவாகி, சரக்கும் குறைந்து, வாடிக்கையாளருக்கு மட்டும் ‘தோல்வி’ என்று காட்டும், அவர் மறுபடி அழுத்துவார், இரண்டு ஆர்டர்கள். கேள்வியை வரிக்கு வரி கேட்டால் முதல் இரண்டுக்கும் ஆம். சரக்கு இல்லையென்றால் ஆர்டரையே ஏற்கக் கூடாது, அதனால் அவை ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் இல்லை. அவை வரிசைக்குப் போகலாம்.

இந்த இடத்தில் அமர்வை நடத்துபவர் அவசரப்படக் கூடாது. உரை தொடாத செலவு இங்கேதான் வெளிப்படும். பெரும்பாலான வரிசைகளில் ஒரே செய்தி இரண்டு முறை வரக்கூடும். ஒரே பில் இருமுறை போகாமல் தடுக்க ஆர்டர் எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆர்டரைப் பதிந்த பின், செய்தியை வரிசையில் போடும் முன் சர்வர் விழுந்தால் மின்னஞ்சல் போகவே போகாது. அதைத் தவிர்க்க, செய்ய வேண்டிய வேலையை ஆர்டர் பதியும் அதே டிரான்சாக்‌ஷனில் ஓர் அட்டவணையில் எழுதி, பிறகு அங்கிருந்து வரிசைக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஒரு நாளைக்கு ஐம்பது ஆர்டர் வரும் கடைக்கு அந்த அட்டவணையே வரிசையாக இருந்துவிட்டுப் போகலாம், தனியாகச் செய்திச் சர்வர் நிறுவுவது வீண் வேலை. இந்த நிபந்தனைகளைப் பாடத்துக்குக் கீழேயே எழுத வேண்டும். ‘எங்கே பொருந்தாது’ என்ற வரி இல்லாத பாடத்தை, ஆர்வமுள்ள ஒருவர் அடுத்த வாரமே தவறான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

அமர்வுக்கு ஒரு மணி நேரம் தாராளம். முழு உரையையும் கூடத்தில் ஓடவிடுவது பரவலாக நடக்கும் வீணடிப்பு. நேரம் அதிலேயே கரைந்து, பேச வேண்டிய கட்டத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தேவையான ஏழெட்டு நிமிடத் துண்டை மட்டும் காட்டி, எழுத்துப்படியில் அதே பகுதியைக் கையில் கொடுத்தால் போதும். முழுதாகக் கேட்க விரும்புபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். 2012-ல் ரெயில்ஸ்கான்ஃப் மாநாட்டில் ஹிக்கி இதே பொருளைச் சுருக்கமாகப் பேசியதும் இருக்கிறது. துண்டு முடிந்ததும் இருவர் இருவராகப் பிரிந்து, தாங்கள் பராமரிக்கும் நிரலில் ஒரு செயல்கூற்றைத் திறந்து, வரிக்கு வரி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால்தான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். மூத்தவர்கள் முதலில் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. ஒருவர் ‘இதற்கு வரிசைதான்’ என்று முடித்துவிட்டால் மற்றவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

கிடைப்பவற்றில் பெரும்பகுதி மாற்றத் தேவையில்லாதவையாக இருக்கும். ஒன்றோ இரண்டோ வேலைப் பட்டியலுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் கோப்பின் பெயர், பொறுப்பாளர், மாற்றியபின் எதைப் பார்த்து முடிவுசெய்வது என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். மேற்சொன்ன ஆர்டர் நிரலுக்கு, மின்னஞ்சல் சர்வரைச் சோதனைச் சூழலில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஆர்டர் பதிவாகிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை. பதிவானால், சர்வரை மறுபடி ஓடவிட்டு, நிலுவையில் இருந்த பில் ஒரே ஒருமுறை வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டியது கோட் ரிவ்யூவை. அமர்வில் எழுந்த கேள்வியை யாராவது யாருடைய நிரலிலாவது தானாகக் கேட்டிருக்கிறார்களா என்று குறிப்புகளைத் தேடினால் தெரிந்துவிடும். ‘சிக்கலாக இருக்கிறது, எளிமையாக்கவும்’ என்ற பொதுவான குறிப்புகள் மட்டும் பெருகியிருந்தால், ஹிக்கியின் சொற்கள் டீமுக்குள் வந்துவிட்டன, கேள்வி வரவில்லை என்று பொருள். அப்போது இன்னொரு உரையைத் தேடிப் போகாமல், அந்த ரிவ்யூக்களில் ஒன்றையே எடுத்துவைத்து, எது எதோடு பின்னியிருக்கிறது என்று குறிப்பு எழுதியவரையே காட்டச் சொல்வது அடுத்த அமர்வாகலாம்.