கிளிநொச்சியை எங்க விட்டனீங்கள்?

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்தின் சனத்தொகை பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். அதில் எங்களுக்கே மிகவும் பிடித்த வசனம் இதுதான்: "1981 இல் 830,552 ஆக இருந்த யாழ் மாவட்டச் சனத்தொகை 2012 இல் 583,882 ஆகச் சுருங்கியது." கிட்டத்தட்ட 30 சதவீத வீழ்ச்சி. பக்கத்தில், ஆதாரம்: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் என்றும் போட்டிருந்தோம். பார்க்க நல்ல கனமாக இருந்தது.

எங்களில் ஒருத்தியின்ர ஊரில் ஓய்வுபெற்ற விதானையார் ஒருவர் இருக்கிறார். கட்டுரையைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பிள்ளையள், கிளிநொச்சியை எங்க விட்டனீங்கள்?"

எங்களுக்கு விளங்கவே இல்லை. அவரே விளக்கினார். 1981 மார்ச்சில் கணக்கெடுத்தபோது கிளிநொச்சி யாழ் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1984 இல்தான் அது தனி மாவட்டமானது. எங்கட முதல் எண்ணுக்குள் கிளிநொச்சிச் சனமும் இருக்கு, இரண்டாவது எண்ணுக்குள் இல்லை. இரண்டு எண்ணும் சரி. ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றதை வைத்ததுதான் பிழை.

பிறகு தேடிப் பார்த்தோம். 1981 இன் தொகையை இன்றைய எல்லைகளின்படி பிரித்தால் யாழ்ப்பாணத்துக்கு 738,788, கிளிநொச்சிக்கு 91,764. அப்ப யாழ் மாவட்டத்தின் வீழ்ச்சி 30 சதவீதம் இல்லை, 21 சதவீதம். இல்லை, பழைய யாழ் மாவட்டத்தையே எடுப்போம் என்றால், 2012 இன் கிளிநொச்சித் தொகையான 113,510 ஐயும் கூட்ட வேணும். அப்போது வீழ்ச்சி 16 சதவீதம் மட்டும்தான். அரைவாசியாகக் குறைந்துவிட்டது! யுத்தமும் இடப்பெயர்வும் செய்ததைச் சொல்ல 16 உம் 21 உம் போதும். நாங்கள் ஏன் 30 ஆக்கினோம்? இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இவையள் எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவினம்" என்று யாரும் சொன்னால் எங்களிடம் பதில் இல்லை.

ஆனால் எல்லை மாறியது தெரியாமல் போனதைவிட வெட்கமான விசயம் வேறொன்று. நாங்கள் திணைக்களத்தின் அறிக்கையைத் திறந்தே பார்க்கவில்லை. வேறொருவரின் கட்டுரையில் அந்த இரண்டு எண்ணும் பக்கம் பக்கமாக இருந்தன, கீழே திணைக்களத்தின் பெயரும் இருந்தது. நாங்கள் வசனத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டோம், எண்களை எடுத்தோம், அவர் போட்ட ஆதாரத்தையும் சேர்த்து எடுத்தோம். அவரின் பெயரை மட்டும் விட்டுவிட்டோம்.

சொற்களை மாத்தினால் களவு இல்லை என்றுதான் அப்போது நினைத்தோம். 830,552 என்ற எண் ஒருவருக்கும் சொந்தமில்லை, அது அரசாங்கக் கணக்கு, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்து "சுருங்கியது" என்று வாசித்தது அவருடைய வேலை. அதை எங்கட வேலையாகக் காட்டினோம். பார்க்காத அறிக்கையைப் பார்த்ததாகவும் காட்டினோம். அவரின் பெயரைப் போட்டிருந்தால், படிக்கிற ஆள் பிழை எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். நாங்கள் அந்தப் பாதையை மூடிப்போட்டு, பிழைக்குத் திணைக்களத்தின் முத்திரையைக் குத்திவிட்டோம்.

இதே கட்டுரையை இன்னும் இரண்டு இடங்களிலும் கண்டோம். அங்கேயும் அதே சோடி எண்கள், அதே "30". மூன்று இடத்தில் இருக்கு, அப்ப சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தோம். மூன்றும் ஒரே கிணற்றுத் தண்ணி.

இப்ப நாங்கள் எண் ஒன்றை எடுத்தால் அது வந்த அட்டவணையைத் திறந்து, தலைப்பையும் அடியில் இருக்கிற சின்ன எழுத்துக் குறிப்பையும் முதலில் வாசிக்கிறோம். மாவட்டமா, பிரதேச செயலகப் பிரிவா, எந்தத் திகதியில் எடுத்தது, முழுக் கணக்கெடுப்பா என்று பார்க்கிறோம். 2001 இல் யாழ்ப்பாணத்தில் முழுமையாகக் கணக்கெடுக்க முடியவில்லை, 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டுகளுக்கு யாரும் வடக்கின் துல்லியமான எண் ஒன்றை நீட்டினால், அது மதிப்பீடா என்று கேட்கிறோம். மூல அறிக்கை கைக்கு எட்டாவிட்டால், "இன்னார் தன் கட்டுரையில் திணைக்களத்தை மேற்கோள் காட்டித் தருகிற எண்" என்று அப்படியே எழுதுகிறோம். வசனம் கொஞ்சம் நீளும், வடிவும் குறையும்.

பழைய கட்டுரையை அழிப்பமா என்று ஒருநாள் முழுக்கக் கதைச்சம். அழிக்கவில்லை. பழைய வசனத்தை அப்படியே விட்டு, அதன் கீழே திருத்தத்தையும், யாருடைய கட்டுரையிலிருந்து எடுத்தோம் என்பதையும், என்ன திகதியில் திருத்தினோம் என்பதையும் எழுதினோம். புதிய வசனம் இது: "இன்றைய எல்லைகளின்படி யாழ் மாவட்டத்தில் 1981 இல் 738,788 பேர், 2012 இல் 583,882 பேர், 1984 இல் பிரிந்த கிளிநொச்சி இரண்டிலும் சேர்க்கப்படவில்லை."

விதானையாருக்கு அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "ம்ம்... அப்ப வன்னிக்குப் போய் இருந்த சனம் எவ்வளவு எண்டு அடுத்தது பாருங்கோவன்" என்றார்.